நூறில் ஒரு பங்கு

குமாரபாளையத்தில் பெரியம்மா மகன் சிவக்குமார் கட்டிய புது வீட்டுக்கு அன்று புகுவிழா. பால் காய்ச்சி முடித்து, மாடியில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பிரவீனா இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. ஜோதிதான் ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

திருச்செங்கோட்டில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. அங்கே ஆய்வகத்தில் கிருமி சோதனைகளைப் பார்ப்பவள் பிரவீனா. அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். ஜோதி ரத்தப் பரிசோதனை பார்ப்பவள். பிரவீனா விடுப்பு எடுக்கும் நாட்களில் இந்தப் பக்கத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வாள். மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்குப் போகும் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த மாதத்துத் தண்ணீரைப் போன வாரமே பிரவீனா பிடித்து, தட்டுகளில் ஊற்றி, அலமாரியில் வைத்திருந்தாள். இந்தக் கிருமிகள் மெதுவாக வளர்பவை. ஒரு வாரம் விட்டால்தான் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக வரும். கெடு இன்றைக்கு முடிகிறது.

படத்தில் வட்டமான கண்ணாடித் தட்டு. உள்ளே கிருமி வளர்வதற்கான வெளிர்மஞ்சள் கூழான அகர், அதன் மேல் புள்ளிகள். போனில் இருக்கும் எண்ணும் செயலி ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு வளையம் போட்டு, கீழே 38 என்று காட்டியிருந்தது. 'முப்பத்தெட்டுங்கக்கா. ரிப்போர்ட்டு போட்டறட்டுங்களா?' என்று ஜோதி எழுதியிருந்தாள்.

ஒரு மில்லி தண்ணீரில் நூறுக்குக் கீழே இருந்தால் டயாலிசிஸுக்கு ஆகும். ஐம்பதைத் தொட்டாலே குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். முப்பத்தெட்டு என்றால் பயமில்லை. மாதா மாதம் ஒன்றோ இரண்டோ வருகிற இடத்தில் இது கொஞ்சம் அதிகம்தான். அடுத்த மாதம் கவனித்துக்கொள்ளலாம். பிரவீனா 'சரி' என்று எழுதி, அனுப்பப் போனாள். அந்த நேரம் பார்த்து, பரிமாறுகிறவர் பொரியல் வாளியோடு முன்னால் வந்து நின்றார். போதும் என்று கையைக் காட்டிவிட்டுக் குனிந்தவள் படத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

வளையங்களுக்கு நடுவே வேறு என்னவோ தெரிந்தது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சிவப்பு வளையம் விழுந்தவை எல்லாம் அகரின் மேல்பரப்பில் தட்டையாகப் பரவிய பெரிய புள்ளிகள். அவற்றுக்கு இடையே, அகருக்குள் புதைந்து, கேழ்வரகைவிடச் சின்னதாக, நுனி கூரான புள்ளிகள். அவற்றில் ஒன்றுக்குக்கூட வளையம் இல்லை. தண்ணீரைத் தட்டில் விட்டு அதன் மேல் இளஞ்சூடான அகரை ஊற்றிக் கலக்கினால் கிருமி மேலும் நிற்கும், உள்ளேயும் மாட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டியது பெரிதாகப் பரவ முடியாமல் குன்றியே நிற்கும். செயலிக்கு அது தூசி. பிரவீனாவுக்கு அது தூசி அல்ல.

இலையை மடிக்காமலே எழுந்தாள். பெரியம்மா ஆத்தாயி என்ன ஏது என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் இருந்து போன் என்று மட்டும் சொல்லிவிட்டு, சாமான்கள் குவித்திருந்த ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் அப்பா வேலுமணி அந்த நேரத்தில் அதே மருத்துவமனையில், அதே தண்ணீர் ஓடும் இயந்திரத்தில் படுத்திருந்தார். சிறுநீரகம் கைவிட்ட நாளில் இருந்து செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். ரிக் வண்டியோடு ஒரிசா, சத்தீஸ்கர் என்று இருபது வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிந்தவர். ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தவர், இன்று ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் குடிக்கலாம் என்ற கட்டளையில் கிடந்தார். அம்மா போன பிறகு அவர் பிரவீனாவோடுதான் இருக்கிறார். அவள் கணவனும் ரிக் வண்டியோடு வடக்கே இருந்தான். புகுவிழாவுக்குப் போகாமல் கூட இருக்கிறேன் என்று நேற்று அவள் சொன்னதற்கு, நான் ஒருத்தன் படுத்துக் கிடக்கிறதற்கு நீ எதற்கு என்று அவர் ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

போன இரண்டு தடவையும் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவர் நடுங்கினார். கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அங்கே ஏசியை நெம்ப வைத்துவிடுகிறார்கள் என்றார். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. காலையில் இறங்கிவிட்டது. பிரவீனா மாத்திரை கொடுத்ததோடு சரி. இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

படத்தின் மேல் விரலால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு நான்காகப் பிரித்தாள். ஒவ்வொரு புள்ளியையும் எண்ணி எண்ணி அதன் மேல் ஒரு பச்சைப் பொட்டு வைத்தாள். இருபத்தேழு. முப்பத்தொன்று. இருபத்தைந்து. இருபத்தொன்பது. நூற்றுப் பன்னிரண்டு.

அதுவே வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் அவளை உலுக்கியது அதுவல்ல. இந்தத் தட்டு எந்தத் தட்டு?

தண்ணீரை அவள் மூன்று விதமாக வைத்திருந்தாள். ஒரு தட்டில் அப்படியே ஒரு மில்லி. அடுத்ததற்கு, ஒரு மில்லி தண்ணீரை ஒன்பது மில்லி கிருமியற்ற நீரில் கலந்து, அதில் இருந்து ஒரு மில்லி. அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்தக் கலவையில் இருந்து ஒரு மில்லி எடுத்து இன்னொரு ஒன்பது மில்லியில் விட்டு, அதில் ஒரு மில்லி மூன்றாவது தட்டுக்கு. அது நூறில் ஒரு பங்கு. தண்ணீர் மோசமாக இருந்தால் முதல் தட்டில் புள்ளிகள் எண்ண முடியாமல் நெருங்கிவிடும். அப்போது நீர்த்த தட்டில் எண்ணி, எத்தனை மடங்கு நீர்த்தோமோ அத்தனை மடங்கு பெருக்கினால் உண்மையான கணக்கு வரும். இந்த மூன்றையும் போட்டுவைப்பது அவள் பழக்கம். மாதா மாதம் முதல் தட்டைத் தவிர மற்றவற்றைப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

படத்தில் இருப்பது முதல் தட்டு என்றால் மில்லிக்கு நூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது என்றால் ஆயிரத்து நூற்றிருபது. மூன்றாவது என்றால் பதினோராயிரத்து இருநூறு.

எந்தத் தட்டு என்பதை அவள் எப்போதும் அடிப்பாகத்தில் பேனாவால் எழுதுவாள். படம் மேலிருந்து எடுத்தது. எழுத்து அகருக்குப் பின்னால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் தெரிய வேண்டும். எழுத்து இருக்க வேண்டிய ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. எவ்வளவு பெரிதாக்கியும் அது எண்ணாகவில்லை.

ஜோதியைக் கூப்பிட்டாள்.

"ஜோதி, படத்துல இருக்கறது எந்தப் பிளேட்டு?"

"மொதப் பிளேட்டுதானுங்கக்கா." ஜோதி கொஞ்சம் தயங்கினாள். "அடியில ஈரம் கோத்திருந்துச்சுன்னு ஸ்பிரிட்டுல தொடச்சனுங்க. எழுத்து போயிருச்சு. எப்பவும் மொதப் பிளேட்டுலதான எண்ணுவோம், அதனால அதுன்னு வெச்சுக்கிட்டனுங்க."

"மத்த ரெண்டும் எங்க?"

மற்ற இரண்டையும் கூட அப்படியே துடைத்துவிட்டாளாம். ஒன்றில் பொடிப்பொடியாக ஏகப்பட்டது இருக்கிறதாம், எண்ண முடியவில்லையாம். இன்னொன்று முழுக்கப் பனி படிந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறதாம். கெட்டுப்போன தட்டு என்று, கொதிக்கவைத்துக் கொட்டுவதற்கு எடுத்துவைத்திருக்கிறாளாம்.

அது கெட்டுப்போன தட்டு அல்ல. அதுதான் முதல் தட்டு. நீர்க்காத தண்ணீர். ஒரு தட்டில் பத்தாயிரம் முளைத்தால் தனித்தனிப் புள்ளி எங்கே தெரியும்? பனிதான் தெரியும்.

கொட்டிவிடாதே என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்று தட்டையும் வரிசையாக வைத்து, கறுப்புத் துணி விரித்துப் படம் எடுக்கச் சொன்னாள். பொடிப்பொடியாக இருக்கும் தட்டைக் கட்டம் போட்ட தாளின் மேல் வைத்துத் தனியாக ஒன்று. நான்காவதாக ஒரு தட்டு இருக்குமே, நீர்க்கப் பயன்படுத்திய நீரும் அகரும் மட்டும் ஊற்றியது, அதையும் எடுக்கச் சொன்னாள்.

படம் வரும் வரை சும்மா இருக்க முடியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கையில் ஊசி, மறு கையால் எட்டி எடுக்க வேண்டும். எடுத்துவிட்டார்.

"என்னுங்கப்பா, எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்கறேன் சாமி." பல் கிட்டித்து வந்தது பேச்சு. "குளுருதான் நெம்ப. கம்பளி ரெண்டு போத்தியும் நிக்கல. நீ சாப்பிட்டயா?"

சாப்பிட்டேன் என்றாள். அவர் எதையோ சொல்லத் தொடங்கி, நடுக்கத்தில் வார்த்தை உடைந்து, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டார். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. இயந்திரம் ஓடும் சத்தமும், பக்கத்துப் படுக்கையில் இருந்து ஒரு வயதான பெண் யாரோ 'ஏனுங் தம்பி, அந்த ஏசிய நிறுத்துங்க' என்று கேட்பதும் காதில் விழுந்தன. அந்தக் குரலும் நடுங்கியது.

படங்கள் வந்து விழுந்தன. வரிசையாக மூன்று தட்டு. ஒன்றில் பனி, ஒன்றில் பொடி மணல், ஒன்றில் அவள் எண்ணிய நூற்றுப் பன்னிரண்டு. நான்காவது தட்டு துடைத்துவைத்தது போல் சுத்தமாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் வரிசை புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது போதாது. ஒரு சைபரை அதிகம் போட்டுச் சொல்லி, ஓடுகிற டயாலிசிஸை நிறுத்தவைத்தால் அதுவும் ஆளைக் கொல்லும். ஒரு தடவை தப்பினால் ரத்தத்தில் உப்பு ஏறி இதயம் நின்றுபோகிற நிலையில் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

மணல் தட்டைத் தாளின் கட்டத்தோடு பெரிதாக்கினாள். ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் இருக்கும் புள்ளிகளை எண்ணினாள். பதினேழு. தட்டின் எதிர்ப்பக்கம் இன்னொரு கட்டம். பதினெட்டு. நடுவில் ஒன்று. பதினாறு. சராசரி பதினேழு. தட்டின் பரப்பு அறுபத்து மூன்று சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் ஆயிரத்து எழுபத்தொன்று. கடைசித் தட்டில் நூற்றுப் பன்னிரண்டு, அதற்கு முந்தியதில் சுமார் பத்து மடங்கு. பத்து மடங்கு நீர்த்ததற்குப் பத்து மடங்கு குறைந்திருக்கிறது. அப்படியானால் மணல் தட்டு பத்தில் ஒரு பங்கு, அவள் எண்ணியது நூறில் ஒரு பங்கு. ஒரு தட்டின் கணக்குப்படி மில்லிக்குப் பத்தாயிரத்து எழுநூறு. இன்னொன்றின்படி பதினோராயிரத்து இருநூறு. இரண்டு தட்டும் ஒன்றையே சொல்லின.

எழுத்து அழிந்தால் என்ன, தட்டுகளே தங்கள் பெயரைச் சொல்லிவிட்டன. பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்து டயாலிசிஸ் பிரிவைக் கூப்பிட்டாள்.

டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பாளர் சிவபிரகாஷ் உடனே போனை எடுக்கவில்லை. மூன்றாவது தரம்தான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. இப்போதுதான் ஜோதி முப்பத்தெட்டு, பாஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள், அதற்குள் பதினோராயிரம் என்றால் எதை நம்புவது என்றார். பதிலுக்குக் காத்திராமல் ஜோதி சொல்லிவிட்டிருக்கிறாள். அதோடு இது போன வாரத் தண்ணீர், இன்றைய தண்ணீர் எப்படி என்று யாருக்குத் தெரியும் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். பிரவீனா திருப்பிக் கேட்டாள்:

"இப்ப எத்தன பேருக்குக் குளுருதுங்க?"

அவர் நடந்துபோகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஆறு பேருல நாலு பேருங்க மேடம். மயிலம்மாளுக்கு பிரஷர் எறங்கிட்டு வருது. குளுருதுன்னவங்களுக்கு மாத்திரை குடுத்தேன்."

"போன வாரமும் குளுருச்சுங்களா?"

"ஒண்ணு ரெண்டு பேரு சொன்னாங்க. ஏசின்னு நெனச்சேன்."

எல்லோரும் ஏசி என்றே நினைத்திருந்தார்கள். அவளும்தான்.

தானாக நிறுத்தும் அதிகாரம் தனக்கில்லை, டாக்டர் தனபால் சொல்ல வேண்டும் என்றார் சிவபிரகாஷ். சிறுநீரக மருத்துவரான தனபால் சேலத்தில் இருப்பவர். இங்கே குறித்த நாட்களில் வந்துபோவார். சிவபிரகாஷ் அவரையும் இணைப்பில் சேர்த்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே மயிலம்மாளிடம் ஓடினார்.

அதற்குள் சிவக்குமார் அவளைத் தேடிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்தவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். விருந்துக்கு வந்த வண்டிகளை நகர்த்தி அவன் காரைத் தெருவில் இறக்கியபோது டாக்டரின் குரல் காதில் வந்தது.

தனபால் பதறவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மயிலம்மாள் போன தடவை வராமல் விட்டவர், இன்றைக்குப் பாதியில் நிறுத்தினால் அவரை உடனே வேறு எங்காவது ஏற்ற வேண்டும், போகும் வழியில் ஏதாவது ஆகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார்:

"முப்பத்தெட்டா, பதினோராயிரமா? எனக்கு ஒரு நம்பர் சொல்லுங்கம்மா. ஏன் அந்த நம்பர்னும் சொல்லுங்க."

பள்ளிபாளையம் ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் கார் மாட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே பிரவீனா சொன்னாள். செயலி எண்ணியது மேலே இருப்பதை மட்டும், உள்ளே புதைந்ததைச் சேர்த்தால் நூற்றுப் பன்னிரண்டு. அந்தத் தட்டு நூறில் ஒரு பங்கு நீர்த்தது. அதற்கு முந்திய தட்டில் கட்டக் கணக்கில் சுமார் ஆயிரத்து எழுபது, அது பத்தில் ஒரு பங்கு. நீர்க்காத தட்டு முழுக்க மூடிவிட்டது.

"உங்க லேப்ல எதாச்சும் கலந்திருக்கலாம் இல்லையா? நீர்க்கிற தண்ணியில?"

"அந்தத் தண்ணி மட்டும் ஊத்துன பிளேட்டு சுத்தமா இருக்குதுங்க சார். அதுவும் போக, கிருமி அதுல இருந்திருந்தா நீர்க்க நீர்க்கக் குறையாதுங்க. மூணுலயும் பத்துப் பத்தா எறங்கியிருக்குது. வந்தது யூனிட்டுத் தண்ணியில இருந்துதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே சந்தேகம் வந்தது. தப்பாக இருந்தால்? கட்டத்தைத் தப்பாக எண்ணியிருந்தால்? ஜோதி வேறு யாருடைய தட்டையோ சேர்த்து எடுத்திருந்தால்? முதல் முறையாக, தான் சொன்ன எண் தப்பாக இருக்கட்டும் என்றும் சரியாக இருக்கட்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டாள்.

"சிவபிரகாஷ்," என்றார் டாக்டர். "எல்லா மிஷினையும் நிறுத்துங்க. ஆறு பேருக்கும். ரத்தம் கல்ச்சருக்கு எடுத்துட்டு மருந்து ஆரம்பிங்க. மயிலம்மாளுக்கு நான் சேலத்துல பெட் சொல்றேன். மத்தியான ஷிப்ட்டு யாரையும் உள்ள விடாதீங்க."

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாக மயிலம்மாளின் நரைத்த தலையும், அவர் மகள் குனிந்து அவர் கையைத் தேய்ப்பதும் தெரிந்தன. மத்தியானத்துக்கு வந்தவர்கள் வராந்தாவில் பையும் கம்பளியுமாக நின்று, என்ன ஆயிற்று என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரவீனா யாருக்கும் பதில் சொல்லாமல் உள்ளே ஓடினாள்.

அத்தனை இயந்திரங்களும் நின்றிருந்தன. எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் அறை அப்படி அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். உடம்பு கட்டிலோடு சேர்த்து ஆடியது. நெற்றியில் கை வைத்தாள். அடுப்பில் வைத்த கல் மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, விருந்தில் இருந்து பாதியில் வந்தாயா என்று மட்டும் கேட்டார்.

இயந்திரத்துக்குள் ரத்தத்தையும் தண்ணீரையும் ஒரு மெல்லிய சவ்வு பிரிக்கிறது. கிருமி அதைத் தாண்டி வராது. ஆனால் செத்துச் சிதைந்த கிருமியின் துணுக்குகள் வரும். காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவருபவை அவைதான். ஒரு மணிநேரம் முன்னால் நிறுத்தினால் ஒரு மணிநேரத்து நஞ்சு குறையும். இதையெல்லாம் பிரவீனா பாடத்தில் படித்திருந்தாள். அப்பாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது படித்தது எதுவும் உதவவில்லை. நாடித்துடிப்பைக் காட்டும் திரையை மட்டும் பார்த்தபடி நின்றாள்.

சாயந்தரம் நடுக்கம் நின்றது. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இரண்டு நாள் போக்குக் காட்டிவிட்டு விட்டது. நடுங்கிய மற்ற இரண்டு பேரும் தேறினார்கள். மயிலம்மாள் சேலத்தில் தீவிர சிகிச்சையில் வெகுநாள் கிடந்து, ஆள் பாதியாகி, ஊருக்குத் திரும்பினார்.

மருத்துவமனையின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கழற்றிப் பார்த்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏழாவதாக ஓர் இயந்திரம் வாங்கும் திட்டத்தில் ஒரு கிளைக் குழாயை முன்கூட்டியே போட்டு, மூடிபோட்டு விட்டிருந்தார்கள். இயந்திரம் வரவில்லை. அந்தக் குழாயில் தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்கி, உள்சுவர் முழுக்கப் பாசிபோல் கிருமி படிந்து, அங்கிருந்து சுற்றுக்குழாய் எங்கும் பரவியிருந்தது. அந்தக் கிளையை வெட்டி எறிந்து, குழாய் முழுவதையும் மருந்து விட்டுக் கழுவினார்கள். தண்ணீர் சோதனையில் தேறும் வரை பிரிவு மூடிக் கிடந்தது. நோயாளிகள் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் பஸ் ஏறினார்கள்.

அவர்களில் வேலுமணியும் ஒருவர். பிரவீனாவோ, வேறு யாருமோ அவரை இங்கே திரும்ப வரச் சொல்லவில்லை. அவரும் வருவதாகச் சொல்லவில்லை. ஒருநாள் சேலத்தில் இருந்து களைத்து வந்து சாய்ந்தவர், தானாக ஒரு பேச்சு பேசினார்:

"நீ எண்ணி முடிச்சுச் சொல்லு சாமி. அப்புறம் வாரேன்."

ஜோதி அழுது ஓய்ந்துவிட்டு வேலைக்கு வந்தாள். பிரவீனா அவளைத் திட்டவில்லை. அனுப்பாவிட்டாலும் 'சரி' என்று தட்டிய கட்டைவிரல் தன்னுடையதுதானே என்ற எண்ணம் அவளுக்கு ராத்திரிகளில் வந்துகொண்டிருந்தது. கழுவிய குழாயில் இருந்து தண்ணீர் பிடித்து, மறுபடி மூன்று விதமாகத் தட்டுகளில் ஊற்றி வைத்தாள். அந்த ஒரு வாரம் அலமாரியின் பக்கம் போகவே பயமாக இருந்தது. கதவைத் திறப்பாள், தட்டை எடுக்காமல் மூடிவிடுவாள்.

கெடு முடிந்த அன்று காலையில் எடுத்தாள். நூறில் ஒரு பங்கில் ஒன்றும் இல்லை. பத்தில் ஒரு பங்கில் ஒன்றும் இல்லை. நீர்க்காத தட்டை விளக்குக்கு நேரே பிடித்து, மேலிருந்து பார்த்தாள், கீழிருந்து பார்த்தாள், சாய்த்து வைத்து லென்ஸில் பார்த்தாள். எண்ணைச் சொல்லாமல் ஜோதியிடம் கொடுத்தாள். ஜோதி ஜன்னலோரம் போய் நின்று, கறுப்புத் துணியை விரித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"ரெண்டுங்கக்கா. ஒண்ணு மேல, ஒண்ணு உள்ள."

பிரவீனா கண்ட எண்ணும் அதுதான். இருந்தாலும் உடனே போனை எடுக்கவில்லை. அடுத்தடுத்து எடுத்த இன்னும் இரண்டு தண்ணீரும் தேறி, டாக்டர் தனபால் பிரிவைத் திறக்கக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டாள்.

மில்லிக்கு இரண்டு என்றாள். அதற்கப்புறம் பார்த்ததில் ஒன்றுமே இல்லை, கடைசியில் ஒன்று என்றாள்.

"மின்ன எத்தன இருந்துச்சு?"

அவரிடம் அதுவரை யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. பிரவீனா சொன்னாள். பதினோராயிரம்.

அவர் அந்த எண்ணைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

"செரி," என்றார் பிறகு. "வெள்ளிக்கெழம வாரேன். நீயும் பக்கத்துல இரு சாமி. எனக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தானுங்கப்பா," என்றாள் பிரவீனா.